தக்காளி விலையும் ரெப்போ வட்டியும்

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, பணவீக்கம் 7 சதவீதத்துக்கு மேல் போனது. ரிசர்வ் வங்கியோ வட்டியைத் தொடவில்லை. கேட்டால் "கோர் பணவீக்கம் குறைகிறது" என்றார்கள். சாப்பாட்டையும் கேஸையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் அது யாருடைய பணவீக்கம்? இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்:

முதலில் ஒரு விஷயம். ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கு கோர் பணவீக்கம் கிடையாது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, சாப்பாடு, கேஸ், வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்ந்த ஒட்டுமொத்த நுகர்வோர் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்க வேண்டும். 2 சதவீதப் புள்ளி மேலே கீழே போகலாம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6-க்கு மேல் போனால், ஏன் தவறினோம் என்று அரசுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். 2022-ல் அப்படி எழுதவும் வேண்டியிருந்தது. ஆக, நீங்கள் சந்தையில் கொடுக்கும் விலை கணக்கில்தான் இருக்கிறது. கோர் என்பது இலக்கு அல்ல. அந்த இலக்கை அடைய என்ன செய்யலாம் என்று முடிவு செய்வதற்கு முன் பார்க்கும் ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

அந்த அளவுகோல் எப்படி வருகிறது என்பதை நீங்கள் சொன்ன அதே ஜூலை மாதத்தை வைத்தே பார்க்கலாம். அப்போது நடப்பில் இருந்தது 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீடு. அதில் ஒரு குடும்பத்தின் செலவை 100 என்று வைத்தால் உணவு, பானங்களுக்கு 45.86, சமையல் கேஸ், மின்சாரம், விறகு போன்ற எரிபொருளுக்கு 6.84. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 47.30. வாடகை, துணிமணி, மருத்துவம், படிப்பு, பஸ் கட்டணம், செல்போன் ரீசார்ஜ், முடிவெட்டும் கூலி எல்லாம் இந்த மிச்சத்தில் வருகின்றன. இதன் விலையேற்றத்தைத்தான் கோர் என்கிறார்கள். அரசின் மாதாந்திர அறிக்கையில் "கோர்" என்று தனியாக ஒரு வரி இருக்காது, நாமே கழித்துப் பார்க்க வேண்டும். அந்த மாதம் ஒட்டுமொத்தம் 7.44 சதவீதம், உணவு, பானங்கள் 10.57, எரிபொருள் 3.67. தோராயக் கணக்கு இப்படி வரும்:

```
7.44 - (0.4586 × 10.57) - (0.0684 × 3.67) = 2.34
2.34 ÷ 0.473 = 4.95
```

சரியாகச் செய்வதென்றால் சதவீதங்களை வைத்துச் செய்யாமல் குறியீட்டு எண்களை வைத்துச் செய்ய வேண்டும். ஆனாலும் விடை பெரிதாக மாறாது. 7.44-க்குள் 5-க்குச் சற்றுக் குறைவான ஒரு கோர் இருந்தது. மேலே தெரிந்த மீதி உயரம் உணவு ஏற்றியது. அதிலும் தக்காளி மட்டும் எவ்வளவு தெரியுமா? குறியீட்டில் தக்காளியின் எடை ஏறக்குறைய 0.57. ஒரு வருடத்தில் அதன் விலை 200 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பெருக்கிப் பாருங்கள். நூற்றில் அரை பங்குக்குச் சற்று மேல் இருக்கும் ஒரே ஒரு காய், நாட்டின் பணவீக்கத்தில் ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் சேர்த்திருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளுக்குத் தக்காளி ஏற்றுபவர்களுக்கு இந்தச் சுழற்சி அத்துப்படி. பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்றால் தோட்டத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்த நடவு குறையும். அந்த நேரம் பார்த்து வெயிலோ வைரஸ் நோயோ மழையோ சேர்ந்தால் வரத்து சுருங்கி, ஒரு பெட்டி விலை எங்கேயோ போய்விடும். 2023-ல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். கோடையில் அடிமட்ட விலை, அப்புறம் கர்நாடகாவிலும் மகாராஷ்டிராவிலும் வெயிலும் நோயும், ஜூன் ஜூலையில் மழை. விலை ஏறியதைப் பார்த்ததும் எல்லாரும் நாற்றுப் பண்ணைக்கு ஓடுவார்கள். நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் பறிப்பு. அத்தனை பேருடைய காயும் ஒரே சமயத்தில் மண்டிக்கு வந்ததும் விலை விழுந்துவிடும். அந்த வருடமும் அப்படித்தான் விழுந்தது. ஆகஸ்டில் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 6.83, செப்டம்பரில் 5.02.

இப்போது வட்டியை வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 10 அன்று ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு அறிவித்த முடிவு, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே விடுவது. மாறாக அன்று அரை சதவீதம் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சில வாரங்களில் வீட்டுக் கடன் தவணை கூடும். ஓசூரில் கம்பெனி வேலை பார்ப்பவர் பைக் வாங்குவதைத் தள்ளிப்போடுவார். சிறு பட்டறைக்காரர் புது மெஷினுக்குக் கடன் எடுக்க யோசிப்பார். இப்படித் தேவை மெல்ல மெல்லக் குறைந்து, அது விலைகளில் முழுதாகத் தெரிய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். இதில் ஒரு கூடைத் தக்காளியாவது கூடுதலாக விளையுமா? விளையாது. விவசாயிக்குக்கூட அந்த வட்டி போய்ச் சேராது. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடன் 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம் என்று மானியத்தோடு நிர்ணயிக்கப்பட்டது. ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஆக, தக்காளி மலிந்து பல மாதம் கழித்து, பைக் விற்பனையும் பட்டறை வேலையும்தான் அடி வாங்கியிருக்கும். விலைவாசியால் ஏற்கெனவே கை சுருங்கிய குடும்பத்துக்கு வேலையிலும் அடி. கண்டும் காணாமல் விடுவது என்று மத்திய வங்கிகள் சொல்வதன் சாரம் இதுதான். விலை ஏறியது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தங்கள் கையில் இருக்கும் முக்கியக் கருவி அந்த விலைக்கு எட்டாது, எட்டுவதற்குள் விலை தானே இறங்கியிருக்கும் என்பதால் விடுகிறார்கள். தக்காளிக்கு எட்டும் கருவிகள் அரசிடம்தான் இருந்தன. அந்த ஜூலையில் தமிழக அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும்.

அவசரப்பட்டு வட்டியை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பிய மத்திய வங்கி ஒரு நல்ல பாடம். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை ஓடியது. பணவீக்கத்துக்குப் பயந்து அவர்கள் வட்டியை 4.25 சதவீதமாக ஏற்றினார்கள். அந்த டிசம்பருக்குள் எண்ணெய் 40 டாலருக்குக் கீழே வந்துவிட்டது, உலகமே நிதி நெருக்கடியில் மூழ்கியது. அக்டோபரிலேயே அவர்கள் வட்டியைக் குறைக்கத் தொடங்க வேண்டியதாயிற்று.

கோருக்குள் இருக்கும் விலைகளின் குணம் வேறு. தக்காளி 30 ரூபாயிலிருந்து 120-க்குப் போய் மறுபடி 30-க்கு வரும். பள்ளிக் கட்டணம் 20,000-லிருந்து 22,000 ஆனால் அடுத்த வருடம் 20,000-க்குத் திரும்பி வருமா? வாடகையும் டாக்டர் ஃபீஸும் தையல் கூலியும் அப்படித்தான். ஏறினால் ஏறியதுதான். அவற்றை ஏற்றுவதும் பெரும்பாலும் சம்பளம், தேவை, "அடுத்த வருடமும் விலை ஏறும்" என்ற எதிர்பார்ப்பு ஆகியவை. வட்டி வேலை செய்வது இவற்றின் மேல்தான். அதனால் ஒரு வருடம் கழித்து ஒட்டுமொத்தப் பணவீக்கம் எங்கே இருக்கும் என்று ஊகிக்க, இன்றைய ஒட்டுமொத்த எண்ணைவிட இன்றைய கோர் பல சமயம் நல்ல துப்பு தருகிறது.

இதை வெறும் கோட்பாடு என்று நினைக்க வேண்டாம். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மாதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2022 ஏப்ரலில் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 7.79. 2023 ஜூலையில் 7.44. தலைப்புச் செய்தி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 2022 மே மாதம், வழக்கமான கூட்டம் வரும்வரைகூடக் காத்திருக்காமல், ரிசர்வ் வங்கி இடையிலேயே கூடி வட்டியை ஏற்றியது. பிறகு தொடர்ந்து ஏற்றி, 4 சதவீதமாக இருந்த ரெப்போவை 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக்கியது. 2023 ஆகஸ்டில் ஒன்றும் செய்யவில்லை. வித்தியாசம் கோரில் இருந்தது. 2022 ஏப்ரலில் கோரும் 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. உக்ரைன் போரால் ஏறிய எண்ணெயும் எண்ணெய் வித்துக்களும் மட்டும் அல்ல, துணி, போக்குவரத்து, வீட்டுச் சாமான், சேவைகள் எல்லாமே சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. 2023 ஜூலையில் கோர் 5-க்குக் கீழே வந்து, மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022-ல் வட்டி கொரோனா காலத்து அடிமட்டத்தில் கிடந்தது, 2023-ல் ஏற்கெனவே உயரத்தில் இருந்தது. கோர் ஒன்றே முடிவு செய்தது என்று சொல்ல முடியாது.

2022-ல் தாமதித்தார்கள் என்ற விமர்சனமும் உண்டு. என் கருத்தும் அதுதான். 2021 முழுக்கக் கோர் 6 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அதைப் பார்த்தே விழித்திருக்கலாம். அமெரிக்காவில் இன்னும் மோசம். 2021-ல் "தற்காலிகம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்து, 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. கண்டும் காணாமல் விடுவதிலும் இப்படி ஆபத்து இருக்கிறது.

அப்படியானால் எதை விடலாம், எதை விடக்கூடாது? பயிரைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். தக்காளி மூன்று மாதக் கதை. துவரை அப்படி இல்லை. நம் மானாவாரிக் காடுகளில் ராகிக்கும் நிலக்கடலைக்கும் நடுவே போடுகிற துவரை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒரு வருடம் மழை பொய்த்தால் அடுத்த அறுவடை வரை பருப்பு விலை இறங்காது. 2023-க்குப் பிறகு அதுதான் நடந்தது. தக்காளி இறங்கியது, பருப்பு ஏறியது. தானியம் ஏற்கெனவே நெடுநாளாக 10 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று முடிந்தால் இன்னொன்று. வீட்டுச் செலவில் பெரும் பங்கு சாப்பாட்டுக்குப் போகும் நாட்டில், ஒரு வருடத்துக்கும் மேல் சாப்பாட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தால், கூலி கேட்பவர் கூட்டித்தான் கேட்பார். களையெடுக்க வரும் பெண்ணுக்குக் கோர் எது, கோர் அல்லாதது எது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அரிசி பருப்பு விலைதான் அவருடைய கணக்கு. அந்தக் கூலி உயர்வு கட்டட வேலைக்குப் பரவி, வாடகைக்குப் போய், கடைசியில் கோருக்குள் நுழைந்துவிடும். இரண்டாம் சுற்று விளைவு என்று சொல்வது இதைத்தான்.

அதனால்தான் அதே ரிசர்வ் வங்கி ஒரு வருடத்தில் பேச்சை மாற்றியது. 2023 ஆகஸ்டில், காய்கறி விலையேற்றம் குறுகிய காலத்தது, கொஞ்ச காலம் விட்டுப் பிடிக்கலாம் என்றார் அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ். 2024 ஆகஸ்டில், உணவுப் பணவீக்கம் தற்காலிகமாக இருந்தால் விடலாம், இப்போது நீடிக்கிறது, விட முடியாது என்றார். முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் மாறியது கொள்கை அல்ல, உணவு விலை எவ்வளவு நாள் நிற்கும் என்ற மதிப்பீடுதான். அதே சமயத்தில் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, உணவை விட்டுவிட்ட பணவீக்கத்தையே இலக்காக வைக்கலாமா என்று யோசிக்கச் சொன்னது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் கோபத்துக்கு அப்போதுதான் முழு நியாயம் வரும். அளவுகோலாக வைத்துக்கொள்வது வேறு, சாப்பாட்டு விலைக்குப் பொறுப்பே இல்லை என்று கைகழுவுவது வேறு.

எரிபொருளில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கழித்த 6.84-க்குள் சமையல் கேஸ் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. வண்டிக்குப் போடும் பெட்ரோல் போக்குவரத்துக் கணக்கில் வருவதால், எளிய முறையில் கழித்த கோருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டீசலோ, குடும்பங்கள் நேரடியாக வாங்குவது குறைவு என்பதால் எடையில் மிகச் சிறியது. ஆனால் ராயக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போகும் ஒவ்வொரு லோடிலும் அது இருக்கிறது. லாரி வாடகை ஏறினால் சோப்பு, துணி, சிமென்ட் என்று எல்லாவற்றின் விலையிலும் தலைகாட்டும். அதாவது எரிபொருளைக் கழித்துவிட்டோம் என்றாலும் அதன் நிழல் கோரில் விழுந்துகொண்டேதான் இருக்கும். உணவிலும் இதேபோல் ஒன்று உண்டு. அந்த 2012 குறியீட்டில் ஹோட்டல் சாப்பாடு உணவுக் கணக்கில்தான் வந்தது. தக்காளி விலையைக் காரணம் காட்டி ஏற்றிய சாப்பாட்டு விலை தக்காளி இறங்கியபின் இறங்காது. குணத்தால் அது கோர், கணக்கில் உணவு.

கண்டும் காணாமல் விடுவது இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் நான் நேர்மைக்கான சோதனையாக எடுத்துக்கொள்வேன். 2024 ஜூலையில் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 3.54 என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய ஐந்து வருடத்தில் முதல்முறையாக 4-க்குக் கீழே. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. முந்தைய வருடத்து ஜூலையில் தக்காளி உச்சத்தில் இருந்ததால், அதோடு ஒப்பிட்டபோது காய்கறி விலை அவ்வளவாக ஏறாததுபோல் தெரிந்தது. ரிசர்வ் வங்கி அதைப் பார்த்து வட்டியைக் குறைக்கவில்லை. விலை ஏறும்போது மட்டும் காணாமல் விட்டு, இறங்கும்போது மகிழ்ந்து வட்டியைக் குறைத்திருந்தால், நீங்கள் சொன்ன ஏமாற்று வேலை என்ற பட்டம் பொருந்தியிருக்கும். அக்டோபரில் பணவீக்கம் மறுபடி 6.21-க்குப் போனது, காய்கறி 42 சதவீதம் ஏற்றம். குறைக்காதது நல்லதாகப் போயிற்று.

கோரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 2025 அக்டோபரில் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 0.25 சதவீதம், கோர் 4-க்கு மேல். கோரைப் பார்த்தால் தேவை சூடாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் ஏற்றியது தங்கம். நகை இந்தக் குறியீட்டில் தனிநபர் பொருட்களில் சேர்வதால் கோருக்குள் வருகிறது. தர்மபுரி கடைவீதியில் பவுன் விலை கேட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு அந்த வருடம் அது எப்படி ஏறியது என்று தெரியும். அந்த விலை லண்டனிலும் நியூயார்க்கிலும் தீர்மானமாவது, மும்பையில் வட்டியை ஏற்றினால் அடங்காது. தக்காளியை விட்டதற்குச் சொன்ன அதே காரணம் இதற்கும் பொருந்தும். ரிசர்வ் வங்கியும் தங்கத்தைக் கழித்துப் பார்த்தது. கோர் 2.6 சதவீதத்துக்கு வந்தது. டிசம்பரில் ரெப்போவை 5.25 ஆகக் குறைத்தார்கள்.